ஒரே பின், வேறு கரண்ட்: நுகர்வோர் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்



கலவான பஸார் தெருவில் சின்னதாய் ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில். ரேடியோ, போன், டோர்ச், ரைஸ் குக்கர் என்று எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். உங்களுக்கு இதுவரை மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தமிழில் எழுதிய இரண்டாவது கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வந்தது: பில்லை இணைத்து அனுப்புங்கள் என்று. மூன்றாவதில் அளவுகளையும் படங்களையும் வைத்து அனுப்பினேன். உங்கள் அலுவலர் ஒருவர் போனில் கூப்பிட்டு, "ஒரு சார்ஜருக்காகவா இத்தனை கடிதம்?" என்று கேட்டார். ஆகவே நாலாவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தச் சார்ஜரின் கதை இதுதான்.

என் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குளிசை குடிப்பவருக்குச் சின்னக் கீறலிலும் இரத்தம் சட்டென்று நிற்காது. பிளேடால் சவரம் செய்ய வேண்டாம், மெஷின் பாவியுங்கள் என்று தாதி சொன்னார். கட்டாரில் வேலை செய்யும் தம்பி ஒரு மின் சவர மெஷின் வாங்கி அனுப்பினான். ஒரு வருடம் நன்றாக ஓடியது. சித்திரை மாதத்து இடிமழையில் ஒரு நாள் அதன் அடப்டர் கருகியது. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதே அடப்டரைத் தேடினேன். கொழும்பில் இருக்கும் ஏஜன்ட், "அந்த மொடலை நாங்கள் இறக்கவில்லை, அதனால் பார்ட்ஸ் இல்லை" என்றார். இரத்தினபுரியில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியதைக் காட்டி, "இதே பின்தான் தம்பி, எல்லாத்துக்கும் சரிவரும்" என்றார்கள். ஸ்டிக்கரில் 4.3 வோல்ட், 70 மில்லி அம்பியர் என்று அச்சாகியிருந்தது. பழைய அடப்டரிலும் அதுவேதான். 700 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் கேட்டேன், கொடுக்கவில்லை. அன்று மீற்றரை வைத்துப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத தவறு அது. அந்தத் தவறு என்னுடையதுதான்.

முதல் வாரம் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். முன்பு எட்டு மணி நேரம் பிடித்த சார்ஜ் இப்போது இரண்டு மணி நேரத்திலேயே நிறைகிறதாம். ஐயா, ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டதன் அறிகுறி அந்தச் சந்தோஷம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மாதிரி எளிய மெஷினுக்குள்ளே கரண்டை நிறுத்தி வைக்கும் மூளை எதுவும் இல்லை. ஒரு நிக்கல் பற்றரி, ஒரு மோட்டார், சிறு தடையம், அவ்வளவுதான். கரண்டை அளந்து ஊட்டும் வேலையை அடப்டர்தான் செய்கிறது. 70 மில்லி அம்பியர் வீதம் எட்டு மணி நேரம் என்றால் 560. அந்தப் பற்றரி கொள்ளும் அளவும் ஏறக்குறைய அதுவே. அந்த மெதுவான வேகத்தில் இரவு முழுக்க விட்டாலும் பற்றரி இளஞ்சூடாவதோடு நிற்கும். அதை நம்பித்தான் கம்பனி எட்டு மணி நேரம் என்று எழுதுகிறது. அதை நம்பித்தான் நம் சனமும் படுக்கப் போகும்போது செருகிவிட்டு விடியும்போது கழற்றுகிறது.

புது அடப்டரைப் பிறகு என் மேசையில் வைத்து அளந்தேன். வெறுமனே இருக்கையில் 5.6 வோல்ட். மெஷினைப் பூட்டினால் 400 மில்லி அம்பியருக்குக் கிட்ட இழுக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் பற்றரி நிறைந்துவிடும். இரவு பத்து மணிக்குச் செருகி விடியற்காலை ஐந்து மணிக்குக் கழற்றினால் மீதி ஐந்தரை மணி நேரமும் உள்ளே போகும் கரண்ட் சூடாகத்தான் மாறவேண்டும். தண்ணீர் புகாதபடி மூடிய பிடி என்பதால் சூடு வெளியேற வழியில்லை. உள்ளே வாயு சேர்ந்து அமுக்கம் கூடும். கடைசியில் பற்றரி வாயைத் திறந்து சூடான காரத் திரவத்தைத் துப்பும். அது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு. தோலை அரிக்கும்.

அப்படித்தான் நடந்தது. எங்கள் காம்பராவில் ஒரே ஒரு பிளக் பொயின்ட். அது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில். மெஷின் கட்டிலில் கிடந்தது. தூக்கத்தில் புரண்ட அப்பாவின் இடது கை அதன் மேல் விழுந்திருக்கிறது. உணர்ச்சி இல்லாத கை, ஐயா. சுட்டது அவருக்குத் தெரியவில்லை. பிளாஸ்டிக் கருகும் மணத்துக்கு அம்மாதான் எழும்பினார். உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. காயத்தில் கசிந்த இரத்தம் நிற்கவேயில்லை. பிளேடு வேண்டாம் என்று எந்த இரத்தத்துக்குப் பயந்து மெஷின் வாங்கினோமோ, அதே இரத்தம். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார்.

உங்கள் அலுவலர் இதைக் கேட்டுவிட்டு, "உலகம் முழுக்க இப்போது ஒரே சார்ஜராக மாறி வருகிறது, ஐரோப்பாவில் சட்டமே வந்துவிட்டது, கொஞ்ச காலத்தில் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று ஆறுதல் சொன்னார். அந்தச் சட்டத்தை அவர் படித்துப் பார்க்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன், டெப்லட், கெமரா, ஹெட்போன் போன்றவைக்கு ஒரே வகை யூ.எஸ்.பி. சி துளை கட்டாயம். மின் பல் தூரிகையும் சவர மெஷினும் ஸ்மார்ட் கைப்பட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. இவற்றுக்கு ஐரோப்பாவிலும் கம்பனிக்கு ஒரு சார்ஜிங் தாங்கி, மொடலுக்கு ஒரு சார்ஜிங் கிளிப்தான். அப்பாவின் மெஷினைச் செய்த கம்பனியே 15 வோல்ட், 8 வோல்ட், 4.3 வோல்ட் என்று மூன்று விதமான அடப்டர்களை, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரட்டைத் துளைப் பின்னோடு விற்றிருக்கிறது. பின் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்.

என் கடைக்கு வந்த இன்னொன்றையும் சொல்கிறேன். கனடாவிலிருந்து ஓரல் பி மின் பல் தூரிகை ஒன்று ஒரு வீட்டுக்கு வந்தது. வட அமெரிக்காவில் விற்கும் அந்தத் தாங்கி 110 முதல் 130 வோல்ட் வரைக்கும் செய்யப்பட்டது. நம் சுவரில் 230. செருகியதும் போய்விட்டது. தூரிகை நன்றாகவே இருந்தது, ஏனென்றால் அதற்கும் தாங்கிக்கும் இடையில் கம்பித் தொடர்பே கிடையாது. தாங்கியில் ஒரு சுருள், தூரிகையின் அடியில் ஒரு சுருள், நடுவே காந்தப்புலம் மட்டும். ஈரக்கையோடு எடுத்து வைக்கும் பொருள் என்பதால் அப்படி அமைத்தார்கள். 230 வோல்ட் முழுவதும் அந்தச் சிறிய தாங்கிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நல்ல தாங்கியில் தண்ணீர் நுழைய இடுக்கு இருக்காது. அவர்கள் பதிலுக்கு வாங்கிய பெயரில்லாத் தாங்கியை நகத்தாலேயே பிரித்தேன். இரண்டு மூடிகள், நடுவே வெறும் கம்பி. பல் விளக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால் அந்தக் கம்பி வரைக்கும் போகும்.

கைப்பட்டியின் கிளிப் 5 வோல்ட்தான், ஷொக் அடிக்காது. ஆனால் வியர்வை உப்பு படிந்த பின்னில் பொருந்தாத கிளிப்பைப் பூட்டினால் பின் அரிக்கும், சூடாகும். ஷியாவோமியின் நாலாம் பட்டிக்குரிய தொட்டில் ஐந்தாம் பட்டிக்குச் சேராது. பெயரில்லாக் கிளிப்போ எல்லாவற்றுக்கும் சேரும் என்று விற்கப்படுகிறது.

அப்பாவைச் சுட்ட அடப்டரையும் திறந்தேன். சுவர்க் கரண்ட் ஓடும் செப்புத் தடத்துக்கும் மெஷினுக்குப் போகும் தடத்துக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. நல்ல அடப்டரில் ஐந்தாறு மில்லிமீற்றர் விடுவார்கள். எங்கள் லயத்துச் சுவர்கள் மழைக்காலம் முழுக்க வியர்க்கும். சிங்கராஜக் காட்டின் ஓரம் ஐயா இது, துணியே காயாது. அந்த இடைவெளியில் ஈரம் பிடித்தால் 230 வோல்ட் நேராக மெஷினுக்கு வரும், அதிலிருந்து கன்னத்துக்கு வரும். நான் மிகைப்படுத்தவில்லை. 2016இல் அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுகூடம் போலி அப்பிள் போன் அடப்டர்கள் 400ஐச் சோதித்தது. தேறியவை மூன்று. ஆளைக் கொல்லக்கூடியவை என்று அவர்களே சொன்னவை பன்னிரண்டு.

பில் கேட்கிறீர்கள். பில் கொடுக்காத கடையில் வாங்கியதற்குத்தான் முறைப்பாடே. பில் இருந்தால்தான் உங்களுக்கு அப்பாவின் கை தெரியுமா? இறக்குமதி செய்தவரின் பெயர் இல்லாத, முகவரி இல்லாத, ஸ்டிக்கரில் பச்சைப் பொய் அச்சடித்த பொருள் துறைமுகம் தாண்டி, கொழும்பு தாண்டி, இரத்தினபுரி வரைக்கும் வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியிருக்கிறது. இந்த வழி நெடுக எந்த இடத்தில் நின்று யார் அதைப் பார்த்தார்கள்? நாடு முழுக்க 13 அம்பியர் சதுர முள் பிளக்குத்தான் தரம் என்று தீர்மானிக்க முடிந்தது. அந்தச் சதுரத் துளைக்குள் பேனாவைக் குத்தி மூடியைத் திறந்து, இந்த உருண்டை முள் அடப்டரைச் செருகிக்கொண்டிருக்கிறோம். அதைக் கடையில் விற்க விட்டது யார்?

மெஷினை இந்த நாட்டில் விற்கும் கம்பனி, அதற்குரிய அடப்டரையும் தாங்கியையும் கிளிப்பையும் தனியாக விற்கட்டும். எங்கோ வாங்கி வந்தவருக்கும் காசுக்குக் கொடுக்கட்டும். அதைச் செய்ய வைக்க வேண்டியவர் நீங்கள். அதற்குமுன், ஒரு மீற்றரோடு ஓர் ஆளை அனுப்புங்கள். அடப்டரை ஐந்து நிமிடம் அளந்தால் போதும், ஸ்டிக்கர் பொய் என்பது தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் தோட்டத்துச் சனத்துக்கும் ஒன்று சொல்லவேண்டும். எட்டு மணி நேரம் பிடித்த சார்ஜ் புது அடப்டரில் இரண்டு மணி நேரத்தில் நிறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். கழற்றி எறியுங்கள். கட்டிலில் வைத்து எதையும் சார்ஜ் போடாதீர்கள்.

ஐயா, அந்த அடப்டர் என் கடையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. எப்போது வந்தாலும் காட்டுவேன். அதே ஸ்டிக்கரோடு இன்னும் ஆறு, இரத்தினபுரிக் கடையின் அதே கண்ணாடிப் பெட்டியில் தொங்குகின்றன. போன சனிக்கிழமை போய் எண்ணிவிட்டு வந்தேன்.