சாமி காசுக்குக் கணக்கு கேட்டால் சாமி குத்தமா?

மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து பதினைந்து நாள் கழித்து ஊர் முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும். மொத்த வரவு இவ்வளவு, மொத்த செலவு இவ்வளவு, பற்றாக்குறை நாலாயிரத்துச் சொச்சம். அந்தப் பற்றாக்குறையைத் தலைவர் கைக்காசு போட்டு அடைத்தார் என்று கீழே ஒரு வரி. உடனே அவருக்குப் பொன்னாடை. யாராவது ஒரு இளவட்டம் "செலவு விவரம் எங்கே?" என்று கேட்டால், "சாமி காசை எவன்டா எடுப்பான்?" என்று பதில் வரும். கேட்டவன் தலை குனிய வேண்டியதுதான்!

எடுத்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த ஃபிளெக்ஸில் இருப்பது கணக்கே இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. இரண்டு கூட்டுத்தொகையை எழுதிவிட்டால் அது கணக்கு ஆகிவிடாது. காசு கொடுத்தவன் தன்னுடைய ஐந்நூறு ரூபாய் அந்தக் கூட்டுத்தொகைக்குள் இருக்கிறதா என்று பார்க்க அதில் வழியே கிடையாது.

அந்த வழி ரசீது புத்தகத்தில் இருக்கிறது. கற்பனையாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். 420 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு வரி 1,500 ரூபாய். கமிட்டி 12 ரசீது புத்தகம் அடித்தது, புத்தகத்துக்கு 50 தாள், ஆக 600 தாள். வரி கட்டியவர்கள் 371 பேர், நன்கொடை ரசீது 146, எழுதும்போது தப்பாகி அடித்துவிட்டது 9, எழுதாமல் திரும்பி வந்தது 74. கூட்டினால் 600. தாள் கணக்கு சரி! இதுவே 550தான் வருகிறது என்றால் ஒரு புத்தகம் எவர் வீட்டுப் பரணிலோ கிடக்கிறது என்று அர்த்தம். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் வசூலிக்கப் போன புத்தகமாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். அங்கே கொடுத்தவன் இங்கே ஃபிளெக்ஸ் பார்க்க வரமாட்டான் அல்லவா? (ரசீதே கிழிக்காமல் கையில் வாங்கிய காசை இந்த முறை பிடிக்காது. அதற்கு, ரசீது இல்லாமல் தரமாட்டேன் என்று கொடுக்கிறவன்தான் சொல்ல வேண்டும்.)

அடுத்து வரவு. 371 பேர் கட்டிய வரி 5,56,500. நன்கொடை 2,18,000. போன வருட இருப்பு 12,400. போன வருட ஏலப் பாக்கி இப்போது வசூலானது 21,000. மொத்தம் 8,07,900. இந்த வருடம் அம்மன் சேலையும் எலுமிச்சம்பழமும் 52,000 ரூபாய்க்கு ஏலம் போனது இதில் சேராது. ஏலம் கேட்டவர்கள் அடுத்த திருவிழாவுக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், காசு இன்னும் வரவில்லை. வராத காசை வரவில் எழுதினால் கையிருப்பு இடிக்கும். இடிப்பதை மறைக்கத்தான் "இதர செலவு" என்று ஒரு வரி முளைக்கிறது.

செலவில் பந்தல், சீரியல் லைட், மைக்செட் 2,10,000. மேளமும் கரகாட்டமும் 1,65,000. அன்னதானம் 1,78,000. பூ, பூஜை சாமான், பூசாரி சம்பளம் 96,000. வாணவேடிக்கை 60,000. நோட்டீஸ், வண்டி வாடகை 34,500. மொத்தம் 7,43,500. மீதி 64,400. அதில் வங்கியில் 60,000, பொருளாளர் கையில் 4,400. பந்தல்காரருக்கு இன்னும் 25,000 பாக்கி என்றும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கமிட்டி 64,400 இருக்கிறது என்று நம்பி ஏமாறும்.

அன்னதானத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மூட்டை அரிசி பொங்கினார்கள், அதில் எட்டு மூட்டை உபயமாக வந்தது என்றால், கடை பில் நாலு மூட்டைக்குத்தான் இருக்க முடியும். பன்னிரண்டுக்கும் பில் இருந்தால் எட்டு மூட்டை விலை எங்கே போனது? பொருளாக வந்ததை யாருமே எழுதி வைப்பதில்லை என்பதால்தான் இந்த ஓட்டை வருடா வருடம் அடைபடாமல் இருக்கிறது. உபயதாரர் பெயரை மைக்கில் பத்துத் தடவை சொல்கிறார்கள், நோட்டில் ஒரு தடவை எழுத மாட்டேன் என்கிறார்கள்!

"படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் புரியுமா?" என்பது கமிட்டியின் அடுத்த சாக்கு. மொய் நோட்டை முப்பது வருடம் பத்திரமாக வைத்திருந்து, எவன் எவ்வளவு எழுதினான் என்று பார்த்துத் திருப்பிச் செய்கிற ஜனங்களுக்கா கணக்கு புரியாது?

மேலே சொன்ன அத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்கும். தாள் கணக்கு, வரவு, செலவு, இருப்பு எங்கே எவ்வளவு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி, பொருளாக வந்த உபயம். கூடவே ரசீது எண் வாரியாகத் தொகைப் பட்டியல் ஒன்றைக் கோயில் சுவரில் ஒட்டிவிட்டால், கொடுத்தவன் தன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தன் எண்ணுக்கு நேரே தன் தொகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான். 1,000 கொடுத்தவனின் அடிக்கட்டையில் 100 என்று இருந்தால் அன்றைக்கே சத்தம் கிளம்பும்.

ஒழுங்கான பொருளாளருக்கும் இதனால்தான் நிம்மதி. பல ஊர்களில் நல்ல மனுஷன் எவனும் அந்தப் பதவிக்கு வருவதில்லை. அடுத்த வருடம் அவர் வீட்டில் மாடி கட்டினால், "திருவிழாக் காசுடா" என்று டீக்கடையில் பேசுவார்கள். அப்போது அவர் எடுத்துக் காட்ட அந்த ஒரு பக்கமும், 12 புத்தகத்தின் அடிக்கட்டையும் கையில் இருக்க வேண்டாமா?