பெயர் கேட்காவிட்டால் மட்டும் போதுமா?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணினி அறிவியல் புராஜெக்டுக்காகச் சக மாணவர்களின் பாஸ்வேர்டு பழக்கத்தைக் கணக்கெடுப்பது நல்ல முயற்சி. கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து, “பெயர் வேண்டாம்” என்று மேலே எழுதி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். பெயரைக் கேட்கவில்லை என்பதாலேயே பதில் சொன்னவர் யாரென்று தெரியாது என நம்புகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது.

ஒரு வகுப்பில் 38 பேர் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் 9 பேர். ஃபார்மில் பாலினம், பிறந்த மாதம், விடுதியா வீடா என்ற மூன்று கேள்விகள். விடுதியில் தங்கும் பெண்கள் இருவர். அவர்களில் ஜூலையில் பிறந்தவர் ஒருவர்தான். “பாஸ்வேர்டில் பிறந்த தேதி இருக்கிறதா?” என்ற கேள்விக்கு அவர் “ஆம்” என்று சொல்லியிருந்தால், பதில்களைத் திறந்து பார்க்கும் எவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய கணக்கைத் திறக்க எங்கே தொடங்கலாம் என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை வைத்தே தனித்து அடையாளம் காண முடியக்கூடும் என்று ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். 38 பேர் கொண்ட வகுப்பில் பிறந்த மாதமே அதிகம்.

நேரமும் காட்டிக்கொடுக்கும். பதில்கள் சேரும் ஷீட்டின் முதல் பத்தியில், ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் வினாடி வரை பதிவாகிறது. இரவு 7:14-க்கு ஒருவன் குழுவில் “முடிச்சிட்டேன்டா” என்று எழுதுகிறான். ஷீட்டிலும் 7:14-க்கு ஒரே ஒரு பதில். அந்தப் பத்தியை அழித்தாலும் ஃபார்மில் நேரம் அப்படியே இருக்கும்.

மாற்று வழி எளிது. ஃபார்ம்தான் வேண்டுமென்றால் “Collect email addresses” என்ற இடத்தில் “Do not collect” இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேகரித்துவிட்டுப் பிறகு அழிப்பதும், சேகரிக்காமலே இருப்பதும் ஒன்றல்ல. ஒரே வகுப்புக்கு என்றால் நான் காகிதத்தையே சொல்வேன்: டிக் மட்டும் போடும் அச்சுத் தாள், எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா, ஒரு பெட்டி. பாலினமும் பிறந்த மாதமும் ஆய்வுக்குத் தேவையில்லையென்றால் கேட்கவே கூடாது. ஐந்து பேருக்கும் குறைவான பிரிவைத் தனியாக அட்டவணையில் காட்டவும் கூடாது.

இதில் ஆய்வுக்கும் லாபம் இருக்கிறது. அகப்பட்டுவிடுவோம் என்று சந்தேகிக்கும் பிள்ளை சரியான விடையைத்தான் எழுதும், உண்மையை எழுதாது. “உங்கள் பாஸ்வேர்டு வலுவானதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஃபோன் பின் நம்பரை நண்பரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டால்தான் பழக்கம் தெரியும். பாஸ்வேர்டையோ அதன் ஓர் எழுத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் கேட்கக் கூடாது.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பைத் தொடங்க அனுமதிக்கும் முன், நான்கைந்து பேரை நிரப்பச் சொல்லி, எந்தப் பதில் யாருடையது என்று நீங்களே கண்டுபிடிக்க முயன்று பாருங்கள்.