மூன்றாம் முறையை மறைக்கும் கண்ணாடி

'தக் லைஃப்' துணுக்கு ஒன்றின் அமைப்பு எவருக்கும் தெரியும். ஒருவர் கேட்கிறார், மற்றவர் சுருக்கென்று ஒரு பதில் சொல்கிறார். அந்தச் சொல் முடிந்த கணத்தில் படம் உறைகிறது, பதில் சொன்னவரின் முகம் பெரிதாகிறது, பெரும்பாலும் டாக்டர் டிரேயின் 'தி நெக்ஸ்ட் எபிசோட்' பாடலின் தாளம் ஒலிக்கிறது. மேலிருந்து கட்டம் கட்டமான ஒரு கறுப்புக் கண்ணாடி மெல்ல இறங்கி மூக்கின் மேல் அமர்கிறது. சில வேளைகளில் ஒரு தொப்பியும் தங்கச் சங்கிலியும் துணைக்கு வரும். துணுக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

இது வெறும் வேடிக்கை என்று கடந்து போவது எளிது. ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் கருத்தரங்குகளும் மாணவர் விவாதங்களும் இதே வடிவில் வெட்டப்பட்டுக் கைப்பேசிகளில் சுற்றிவரும்போது, அந்தக் கண்ணாடி எதற்கு முடிசூட்டுகிறது என்று கேட்பது மொழியியலின் கடமை ஆகிறது. அது நல்ல வாதத்துக்குச் சூட்டப்படும் முடி அன்று. உரையாடல் வெட்டப்பட்ட இடத்துக்குச் சூட்டப்படும் முடி.

இந்த வகைத் துணுக்கு ஒன்றைக் கட்டியமைத்துப் பார்க்கலாம். வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழிக் கொள்கை பற்றிய கருத்தரங்கு நடக்கிறது. மூத்த பேராசிரியர் ஒருவர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 52 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தி பேசுகிறார்கள் என்று உரையில் சொல்கிறார். முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த 52 கோடியில் தம் தாய்மொழி போஜ்புரி என்று சொன்ன 5 கோடிப் பேரும் அடக்கமல்லவா? அவர்களை எந்த அடிப்படையில் இந்தியில் சேர்த்தார்கள்?" என்று கேட்கிறாள். பேராசிரியர் புன்னகைத்து, "நான் பலியா மாவட்டத்துக்காரன், அம்மா. உனக்கு இந்தி தெரியாது என்று என் தாயிடம் போய்ச் சொல்லிப் பார், காதைத் திருகி அனுப்புவாள்" என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. கண்ணாடி இறங்குகிறது.

எண்களை முதலில் சரிபார்த்துவிடலாம், ஏனெனில் துணுக்கு அதைச் செய்ய விடாது. 2011 கணக்கெடுப்பு 'இந்தி' என்ற தலைப்பின் கீழ் காட்டும் தொகை ஏறத்தாழ 52.8 கோடி, நாட்டு மக்களில் 43.6 விழுக்காடு. அத்தலைப்பின் கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் தொகுக்கப்பட்டுள்ளன. இந்தி என்ற பெயரையே தம் தாய்மொழியாகச் சொன்னவர்களாகக் கணக்கிடப்பட்டோர் ஏறத்தாழ 32.2 கோடி. போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடிக்குச் சற்று மேல். எனவே மாணவியின் கேள்வி தகவலில் பிழையற்றது. கேட்கப்பட்டதும் ஒன்றே: தொகுப்பின் அடிப்படை என்ன?

பேராசிரியரின் பதில் அதைத் தொடவில்லை. அவருடைய தாய்க்கு இந்தி தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. 'தாய்மொழி எது' என்ற வினாவும் 'இந்தி தெரியுமா' என்ற வினாவும் கணக்கெடுப்புப் படிவத்திலேயே வெவ்வேறு வினாக்கள். முதலாவது தாய்மொழியைக் கேட்கிறது, அடுத்தது தெரிந்த பிற மொழிகளைக் கேட்கிறது. அவர் தாய் முதல் வினாவுக்குப் போஜ்புரி என்று விடை சொல்லியிருந்தால், அட்டவணையில் அவரும் இந்தித் தொகையில்தான் எண்ணப்பட்டிருப்பார். அதாவது, அந்த நகைச்சுவையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அது மாணவியின் கேள்விக்கே சான்றாக மாறும். "அப்படியானால் உங்கள் தாய் படிவத்தில் என்ன சொன்னார், ஐயா?" என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். அவள் கேட்டுமிருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரியாது, ஏனெனில் அந்த இடத்தில்தான் கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது.

உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறைக்கு இங்கே நேரடியான வேலை உண்டு. சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் 'லாங்வேஜ்' இதழில் எழுதிய கட்டுரை, மனிதர்கள் முறை வைத்துப் பேசும் ஒழுங்கை விளக்கியது. ஒருவர் பேசியதை மற்றவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பது அவருடைய அடுத்த முறையில் வெளிப்படும் என்பது அதிலிருந்து கிடைக்கும் முதன்மையான பாடம். அந்தப் புரிதல் தவறானால், முதலில் பேசியவர் மூன்றாம் முறையில் "நான் கேட்டது அதுவன்று" என்று திருத்த முடியும். கேள்வி, பதில், திருத்தம் என்ற இந்த மூன்றடியில்தான் ஒரு பதில் பதிலா இல்லையா என்பது முடிவாகிறது. மூன்றாம் முறை வரும்வரை இரண்டாம் முறையின் மதிப்பு நிலுவையில் இருக்கிறது.

தக் லைஃப் துணுக்கு செய்வது இவ்வளவே: நிலுவையில் இருப்பதைத் தீர்ப்பாக மாற்றுகிறது. கண்ணாடி ஏன் பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குகிறது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. அது இறங்கும் இரண்டு மூன்று வினாடிகள், கேள்வி கேட்டவர் வாய் திறக்கக்கூடிய அதே வினாடிகள். அந்த இடைவெளி காலியாக விடப்பட்டிருந்தால் பார்ப்பவர் மறுமொழியை எதிர்பார்ப்பார். தாளமும் கண்ணாடியும் அதை நிரப்பிவிடுவதால் எதிர்பார்ப்பு எழுவதில்லை. எதிராளி வாயடைத்துப் போனார் என்று பார்ப்பவர் நம்புகிறார். அவரை வாயடைத்தது பதிலா, வெட்டியவரின் கத்தரியா என்று பிரித்தறிய வழியில்லை.

இந்தியத் தருக்க மரபு இந்த வகை வெற்றியை நன்கறிந்திருந்தது. அறிந்து, அதைக் குற்றமாகப் பதிவு செய்தது. நியாய சூத்திரம் 'சலம்' என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது: எதிராளியின் சொல்லுக்கு அவர் கருதாத பொருளை ஏற்றி அவரை மறுப்பது. வாத்ஸ்யாயனரின் உரை தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. ஒருவன் 'இந்தச் சிறுவன் நவகம்பளம் உடையவன்' என்கிறான். புதிய கம்பளம் வைத்திருக்கிறான் என்பது பொருள். 'நவ' என்பதற்கு ஒன்பது என்ற பொருளும் உண்டு. உடனே எதிராளி, 'எங்கே ஒன்பது? இவனிடம் ஒன்றுதானே இருக்கிறது!' என்கிறான். இன்று படம்பிடித்தால் அந்த எதிராளியின் மூக்கில்தான் கண்ணாடி இறங்கும். உரையாசிரியரோ அங்கே நிறுத்தவில்லை. பொதுச்சொல் ஒன்றுக்குப் பல பொருள் இருக்கையில் நீ ஏன் இந்தப் பொருளைத் தேர்ந்தாய் என்று கேட்டு, சலம் செய்தவனைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்கிறார். மூன்றாம் முறைக்கு அங்கே இடம் உண்டு.

அதே நூல் தோல்விக்குரிய இடங்களாக 22 நிக்கிரகத்தானங்களைப் பட்டியலிடுகிறது. மறுமொழி தோன்றாமல் நிற்பது அவற்றுள் ஒன்று. அந்த வகையில் வாயடைப்பு தோல்விதான் என்பதை மரபும் ஏற்கிறது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவை புரிந்துகொண்ட, மூன்று முறை சொல்லப்பட்ட கூற்றை எதிராளியால் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அதுவும் தோல்வியே. அதாவது ஒருவரைத் தோற்றார் என்று அறிவிக்கும் முன் மூன்று வாய்ப்புகள் தரப்படுகின்றன. மறுப்பவர் தாம் எதை மறுக்கிறார் என்பதை முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். பலியா மாவட்டத்துப் பதில் இந்தத் தேர்வில் நிற்காது. மாணவியின் கேள்வியை அது திருப்பிச் சொல்லவே இல்லை. வேறு ஒரு கேள்வியைத் தானே உண்டாக்கி அதற்கு விடை சொன்னது.

கண்ணாடியையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விவாதத்தில் கண்கள் பேசும். தயக்கமும், 'இது பதிலாகுமா' என்ற ஐயமும் முதலில் அங்கேதான் தெரியும். கண்ணாடி வென்றவரின் கண்ணை மூடி, அவரைப் பாதிப்பற்றவராகக் காட்டுகிறது. தோற்றவராகக் காட்டப்படுபவரின் முகமோ திறந்தே கிடக்கிறது. கண்ணாடியின் கட்டங்கள் பழைய வீடியோ விளையாட்டுகளை நினைவூட்டுபவை. விளையாட்டில் ஒரு சுற்று முடிந்தால் முடிந்ததுதான், மேல்முறையீடு கிடையாது. மேலும், அந்தக் கண்ணாடியை அவர் எடுத்து அணிவதில்லை. அது மேலிருந்து வருகிறது, ஏதோ பொதுத் தீர்ப்பு அருளப்படுவது போல. அருளுபவர் ஒரு பார்வையாளர் மட்டுமே. பெரும்பாலும் முன்பே ஒரு பக்கம் சாய்ந்தவர்.

இந்தப் பெயரின் பயணமும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தின் 'தக்' இந்தியின் 'டக்' என்ற சொல்லிலிருந்து போனது. ஏமாற்றுபவன் என்று பொருள். அதற்கும் பின்னால் மறைத்தல், மூடுதல் என்ற பொருளுடைய வடமொழி வேர் இருக்கிறது. 1830களில் ஸ்லீமனின் ஒடுக்குமுறை நடவடிக்கைகளோடு அது ஆங்கிலத்தில் பரவி, அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் மீது வீசப்படும் வசையாகவும் ஆனது. டுபாக் ஷகூர் 1990களில் அந்த வசையையே தலைநிமிர்வாக மாற்றி, 'தக் லைஃப்' என்று தம் வயிற்றில் பச்சை குத்திக்கொண்டார். எதுவும் இல்லாதவரின் எதிர்ப்புச் சொல்லாக அவர் கையில் இருந்தது, இந்தியாவுக்குத் திரும்பும்போது ஒலிவாங்கி வைத்திருப்பவரின் மகுடமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதிகாரத்தின் முன் நிற்கும் எளியவருக்கு ஒற்றை வரிப் பதிலைத் தவிர வேறு ஆயுதம் ஏது? திமிராகக் கேட்ட அதிகாரியை ஒரு மூதாட்டி ஒரே சொல்லில் மடக்கும் துணுக்கும் உண்டு. அதைக் கண்டு மகிழ்வதில் என்ன தவறு? தவறில்லை. அந்த மூதாட்டிக்கு அடுத்த முறை கிடைக்கப்போவதில்லை. கிடைத்த ஒரே முறையில் அவர் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். ஆனால் துணுக்கின் இலக்கணம் இந்த வேறுபாட்டை அறியாது. மேடையில் இருப்பவர், ஒலிவாங்கியைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளக்கூடியவர், அவையைச் சிரிக்கவைக்கப் பழகியவர் ஆகியோருக்கும் அதே கண்ணாடி அதே வேகத்தில் இறங்குகிறது. கருத்தரங்குகளில் ஒலிவாங்கி பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்று ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இழப்பும் அங்கேதான். அடுத்த கருத்தரங்கில் அந்த மாணவி கையுயர்த்த மாட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும், கேள்வி என்பது எதிராளிக்கு ஒரு நகைச்சுவைக்கான வாய்ப்பைத் தருவது என்று கற்றுக்கொள்வார்கள். 5 கோடிப் பேர் எந்த அடிப்படையில் எண்ணப்பட்டார்கள் என்ற கேள்வி விடையின்றி அரங்கில் கிடக்கும்.

எனவே அடுத்த துணுக்கு வந்து சேரும்போது அதைப் பகிர்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை போதும். கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதை, துணுக்கை மறுபடி ஓட்டாமல், ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடிகிறதா? பதில் மட்டும் நினைவில் நின்று கேள்வி மறந்துபோயிருந்தால், கண்ணாடி பேசியவரின் கண்ணை மட்டும் மறைக்கவில்லை.