ஃபேன் மெதுவா சுத்துதா? மெக்கானிக்கிற்கு வீடியோ எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்!

“அண்ணே, ஃபேன் ஸ்லோவா ஓடுது. வீடியோ அனுப்பியிருக்கேன், என்னன்னு பாத்து சொல்லுங்க.” எலக்ட்ரீஷியன்களின் வாட்ஸ்அப்பில் இப்படி வரும் வீடியோக்களில் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன்தான் இருக்கும். அதை வைத்துப் பழுதைச் சொல்வது கடினம். ஃபேன் கிளம்பும் நேரமும் நிற்கும் நேரமும்தான் நிறைய சொல்லும். அந்த இரண்டும் வீடியோவில் இல்லையென்றால், நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை காயில் கட்டும் செலவில் போய் நிற்கலாம்.

வேகத்தைக் கண்ணால் கணிக்காதீர்கள்

சாதாரண வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம்களைப் பிடிக்கிறது. நிமிடத்துக்கு 350 சுற்று ஓடும் மூன்று இறக்கை ஃபேனில், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு இறக்கை, அடுத்த இறக்கையின் இடத்தை நோக்கிப் பாதிக்கு மேல் நகர்ந்துவிடும். இறக்கைகள் ஒரே மாதிரி இருப்பதால், பார்ப்பவருக்கு ஃபேன் பின்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரியும். நல்ல ஃபேன்கூட வீடியோவில் இப்படித் தெரியும் என்பதால், அதைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய முடியாது.

இதற்கு ஸ்லோ மோஷன் உதவும். ஃபேனை ஆஃப் செய்து, முழுதாக நின்ற பிறகு ஒரு இறக்கையில் கலர் டேப் துண்டு ஒட்டுங்கள். ஃபேனை முழு வேகத்தில் விட்டு, நொடிக்கு 240 ஃபிரேமில் எடுங்கள். பல போன்களில் இந்த வீடியோ எட்டு மடங்கு மெதுவாக ஓடும். சில போன்கள் தொடக்கத்தையும் முடிவையும் சாதாரண வேகத்தில் காட்டும் என்பதால், நடுப்பகுதியில் 10 நொடிக்கு டேப் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி, 48-ஆல் பெருக்குங்கள். அதுதான் நிமிடத்துக்கான சுற்று. வீட்டில் மாட்டும் 48 அங்குல ஃபேனுக்கு 7 முதல் 8 சுற்று வந்தால் சரியான வேகம்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எடுங்கள்

அடுத்து சாதாரண வீடியோ. ஸ்விட்ச் போடும் முன்பே ரெக்கார்டிங்கைத் தொடங்கி, ஆஃப் செய்த பிறகு இறக்கை முழுதாக நிற்கும் வரை விடாமல் எடுக்க வேண்டும். ஆஃப் செய்த நொடியிலேயே ‘ம்ம்ம்’ என்ற உறுமல் நின்றுவிட்டால் அது மின்சாரம் சார்ந்த சத்தம். கரண்ட் போன பிறகும் ‘கரகர’ சத்தம் தொடர்ந்து, வேகத்தோடு சேர்ந்து குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பேரிங் இறுகியிருந்தால் இறக்கையும் சீக்கிரமே நின்றுவிடும்.

ஒரு உதாரணம்

ஹால் ஃபேனில் 10 நொடிக்கு 4 சுற்றுதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நிமிடத்துக்கு 200-க்கும் குறைவு. பெட்ரூமில் இருக்கும் அதே அளவு ஃபேனுக்கு 7.5 வருகிறது. அப்படியென்றால் வீட்டுக்கு வரும் வோல்டேஜில் பிரச்சினை இல்லை. ஹால் ஃபேன் உறுமலோடு தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது. ஆஃப் செய்ததும் உறுமல் நின்று, இறக்கை சத்தமில்லாமல் வெகுநேரம் தானாகச் சுற்றி நிற்கிறது. எனவே பேரிங்கும் நன்றாகவே இருக்கிறது. மிச்சம் இருப்பது கண்டென்சர், காயில், ரெகுலேட்டர். இவற்றில் சீக்கிரம் பலவீனமாவதும் விலை குறைந்ததும் கண்டென்சர்தான். முதலில் அதை மாற்றிவிட்டு, மீண்டும் சுற்றை எண்ண வேண்டும். 7-க்கு மேல் ஏறினால் வேலை முடிந்தது. ஏறவில்லை என்றால்தான் ரெகுலேட்டரையும் காயிலையும் பார்க்க வேண்டும். காயில் கட்டலாமா என்ற பேச்சு அதற்குப் பிறகே.

வீடியோவால் முடியாதவை

போன் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். அதனால் ‘சத்தம் ரொம்ப அதிகம்’ என்பதை வீடியோவை வைத்து அளக்க முடியாது. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை மட்டும் நம்பலாம். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது. புதிய பிஎல்டிசி ஃபேன்களின் அமைப்பே வேறு. அவற்றை இயக்குவது எலக்ட்ரானிக் போர்டு என்பதால் இந்தக் கண்டென்சர் கணக்கு பொருந்தாது.

ஷாக் அடிக்கிறதா, ஒயர் கருகியிருக்கிறதா என்பதையும் கேமரா காட்டாது. இறக்கையோடு மேலே உள்ள ராடும் கொக்கியும் சேர்ந்து ஆடினால், வீடியோ எடுக்க நிற்காமல் உடனே ஆஃப் செய்துவிட வேண்டும். கண்டென்சரை மாற்றுவதும் எலக்ட்ரீஷியன் வேலைதான். கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம்.

பழுது பார்ப்பவர் வந்ததும் “காயில் போச்சு” என்றால், “கண்டென்சர் மாத்திப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கான ஆதாரம் உங்கள் போனிலேயே இருக்கும்.