ஒரு மணி நேரக் கெடுவின் விலை

பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கினால் 'எத்தனை மணிக்குக் கொண்டுவரட்டும்?' என்று கடையில் கேட்கிறார்கள். '10 முதல் 11-க்குள்' என்று நாமும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். அதற்காகக் கடை தனியே காசு வாங்குவதில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கத்தான் செய்கிறார்.

ஒரு வேனின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேளச்சேரியில் 4 வீடுகள், பள்ளிக்கரணையில் 4, மேடவாக்கத்தில் 4. மூன்றும் ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும் ஊர்கள். ஒரு வீட்டுக்குப் போய்ச்சேர 15 நிமிடம், இறக்கி வைக்க 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்குத் தொடங்கினால் மாலை 3 மணிக்கு வேலை முடிந்துவிடும்.

இப்போது மேடவாக்கத்தில் ஒரே ஒரு வீட்டுக்காரர் '10 முதல் 11-க்குள் வேண்டும்' என்கிறார். வேளச்சேரியில் இரண்டு வீடுகளை முடித்த வேன், 10 மணிக்கு மேடவாக்கம் கிளம்புகிறது. போக அரை மணி, இறக்க கால் மணி, மீண்டும் வேளச்சேரி திரும்ப அரை மணி. 10.15-க்குப் போயிருக்க வேண்டிய மூன்றாவது வீட்டுக்கு 11.15-க்குத்தான் வேன் போய்ச்சேர்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கரணை வீடுகள் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகின்றன. அங்கே முதல் வீட்டுக்கு 11 முதல் 12 என்று கடை வாக்குக் கொடுத்திருந்தால், வேன் வந்து நிற்பது 12.15-க்கு. அரை நாள் விடுப்புப் போட்டுக் காத்திருந்தவர் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருப்பார். பொருள் குடோனுக்குத் திரும்பும். மறுநாள் இன்னொரு வண்டியில் இன்னொரு வீட்டின் இடத்தைப் பிடிக்கும்.

இதில் வெளியே தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றி, முதலில் இறக்க வேண்டியதை வாசலோரம் வைப்பதுதான் லோடு ஏற்றும் முறை. காலையில் ரூட் மாறினால், உள்ளே கிடக்கும் பிரிட்ஜை எடுக்க, முன்னால் நிற்கும் இரண்டு வாஷிங் மெஷின்களைத் தெருவில் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். டிரைவரும் உதவியாளும் அதைச் செய்யும் நேரம் எந்தத் திட்டத்திலும் இருப்பதில்லை.

சீக்கிரம் போனாலும் தொல்லைதான். சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை ராகுகாலம். புதுப் பொருளை அந்த நேரத்தில் வீட்டுக்குள் எடுக்கப் பலர் சம்மதிப்பதில்லை. வேன் வாசலில் நிற்கும். இது திடீரென்று வரும் தடை இல்லை, எல்லார் வீட்டுக் காலண்டரிலும் அச்சடித்திருக்கிறது. ஆட்சேபம் இல்லாதவர்களை முன்கூட்டியே கேட்டு அந்த ஒன்றரை மணியில் போட்டுவிடலாம். கேட்காமல் விட்டால், டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிரைவர் அந்த நேரத்தைத் தன் வருமானத்திலிருந்து இழக்கிறார்.

யாராவது ஒருவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கடைகள், கேட்ட நேரத்தையெல்லாம் கொடுப்பதை நிறுத்தலாம். இந்தப் பகுதிக்குக் காலை, அந்தப் பகுதிக்குப் பிற்பகல் என்று வகுத்து, ஒரு நேரத்துக்கு இத்தனை வீடுதான் என்று அளவு வைத்து விற்கலாம். காத்திருப்புக்கும் கூலி கொடுக்கலாம். கொடுக்கத் தொடங்கினால்தான் எங்கே எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கடைக்கே தெரியும். டிரைவர்கள், போகாத வீட்டை 'பூட்டியிருந்தது' என்று பதியக்கூடாது. அது மறுநாள் திட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. அப்பார்ட்மெண்ட் சங்கங்கள், சர்வீஸ் லிப்ட் எத்தனை மணிக்கு ஓடும், வேன் எங்கே நிற்கலாம் என்பதை முன்பே சொல்லிவைக்கலாம். செக்யூரிட்டியிடம் அனுமதிக்காக நிற்கும் 20 நிமிடமும் அடுத்த வீட்டுக்காரரின் நேரம்தான்.

வாடிக்கையாளரான நம் பங்கு, உண்மையான தேவையைச் சொல்வது. மருத்துவமனைக்குப் போக வேண்டும், 12-க்கு மேல் ஆளில்லை என்றால் அது கண்டிப்பான கெடு. கடை அதை மதிக்க வேண்டும். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் ஒரு மணி நேரக் கெடு கேட்பதில் நியாயம் இல்லை. 'காலையில் எப்போது வந்தாலும் சரி, அரை மணி நேரத்துக்கு முன் போன் செய்யுங்கள்' என்றால், திட்டம் போடுபவரின் வேலை எளிதாகிறது. உண்மையிலேயே நேரமில்லாதவருக்கு இடம் கிடைக்கிறது. வெளியே போக நேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் எண்ணையும் கொடுத்துவையுங்கள். வேனிலிருந்து அழைப்பு வரும்போது, தெரியாத எண் என்று துண்டித்துவிடாதீர்கள்.