உழக்குக்கூட மிஞ்சாத பிரீமியம்

சென்ற இதழில் ஸ்மால் கேப் பங்குகளைப் பற்றி எழுதியவர் ஒரு தங்கச் சுரங்கத்தின் முகவரியையே கொடுத்துவிட்டார். மிகச் சிறிய நிறுவனங்களில் மலிவானவற்றைத் தேர்ந்தெடுத்து, மாதாமாதம் பட்டியலில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டே வந்தால், குறியீட்டைவிட ஆண்டுக்கு 8 சதவீதம் கூடுதலாகக் கிடைக்குமாம். செலவு? “புரோக்கரேஜ்தான் இப்போது பூஜ்யமாகிவிட்டதே” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். இவர் உழவும் இல்லை, கணக்குப் பார்க்கவும் இல்லை.

அந்தக் கணக்கை நாம் பார்ப்போம். ஆர்டர் புக்கில் ஒரு சிறிய பங்கை வாங்க வந்தவர்கள் ₹98 தருகிறார்கள், விற்க வந்தவர்கள் ₹100 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலை ₹99. நமக்கு 1,000 பங்குகள் வேண்டும். ₹100க்கு இருப்பது 300தான். அதை எடுத்தபின் ₹100.50க்கு 500, மீதி 200 ₹101.50க்கு. மொத்தம் ₹1,00,550. விற்கும்போதும் இதே கதை கீழ்நோக்கி நடக்கும். ₹98க்கு 400 போகும், ₹97.50க்கு 300, கடைசி 300 ₹96.50க்கு. கையில் வருவது ₹97,400. இடையில் அந்தப் பங்கின் விலை ஒரு பைசாகூட நகரவில்லை. ஆனால் ₹3,150 போய்விட்டது. வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது முத்திரைத் தீர்வை என்று இன்னொரு ₹210 சேர்கிறது. ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவதற்கு 3.3 சதவீதத்துக்கு மேல்.

மாதம் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால், ஆண்டில் மொத்த முதலீடும் 2.4 முறை புரளும். 3.3ஐ 2.4ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 8 சதவீதம். கட்டுரையாளர் காட்டிய லாபம் முழுவதும் அங்கேயே கரைந்துவிட்டது. சராசரியாக ஐந்து மாதத்தில் விற்கிறார் என்பதால், லாபம் வந்த பங்குகளுக்குக் குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம் வேறு.

இதைவிட மோசமானது அவருடைய 8 சதவீதம் பிறந்த விதம். பேக்டெஸ்டில் அவர் எடுத்துக்கொண்டது முடிவு விலை. வால்யூம் வற்றிய பங்கில் முடிவு விலை என்பது, கடைசியாக வந்த இரண்டு மூன்று பேர் வாங்க வந்தவர்களா விற்க வந்தவர்களா என்பதைப் பொறுத்தது. அன்று யாரோ அவசரத்தில் விற்றிருந்தால் ₹98 என்று பதிவாகும். உடனே அந்தப் பங்கு மலிவுப் பட்டியலில் மேலேறும். கணினியும் ₹98க்கு வாங்கியதாக எழுதிக்கொள்ளும். ஆனால் ₹98 என்பது நாம் விற்றால் கிடைக்கும் விலை. வாங்கப் போனால் ₹100. அடுத்த மாதம் கடைசி வர்த்தகம் ₹100இல் முடிந்தால், நடக்காத ஏற்றத்துக்கு 2 சதவீத லாபம்! இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சிறு நிறுவனப் பங்குகள் அதிக லாபம் தருகின்றன என்று ரோல்ஃப் பான்ஸ் 1981இல் எழுதினார். இரண்டே ஆண்டில், 1983இல், புளூமும் ஸ்டாம்பாவும் இந்த விலைத் துள்ளலைக் கழித்துப் பார்த்து, அதுவரை சொல்லப்பட்ட அளவில் பாதிதான் தேறும் என்று காட்டினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குழியில் விழுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

“லிமிட் ஆர்டர் போட்டு ₹98இல் காத்திருங்கள், ஸ்பிரெட் மிச்சம்” என்றும் அறிவுரை சொல்கிறார். காத்திருக்கலாம். நல்ல செய்தி வந்தால் பங்கு அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும், நம் ஆர்டர் ₹98இல் அநாதையாகக் கிடக்கும். கெட்ட செய்தி வந்தால் முதல் ஆளாக நமக்குத்தான் பங்கு கிடைக்கும். பிறகு லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளே இருக்காது. வாங்க ஆளில்லாத இடத்தில் விற்பது எப்படி என்று அவர் எழுதவில்லை. அவருடைய பேக்டெஸ்டில் அந்த நாளிலும் விற்பனை ஜோராக நடந்திருக்கிறது.

சிறிய பங்குகளில் லாபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பட்டியலைப் பார்த்து, முதல் 20 சதவீதத்துக்குள் வந்தால் வாங்கி, முதல் 40 சதவீதத்தையும் தாண்டி வெளியேறினால் மட்டுமே விற்பவருக்குப் புரள்வு வெகுவாகக் குறையும். ஆண்டுக்கு 0.4 முறை என்றால் மேற்சொன்ன செலவு 1.3 சதவீதத்தில் நிற்கும். பிரீமியம் உண்மையாக இருந்தால் ஏதாவது மிஞ்சும். ஆனால் அந்த நிதானத்தில் மாதாமாதம் பரபரப்பு இல்லை, கட்டுரையும் இல்லை.

வாசகர்களுக்கு ஒன்று. அவருடைய பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பங்கின் ஆர்டர் புக்கைத் திறந்து, நீங்கள் போடவிருக்கும் தொகைக்கு 1,000 பங்குக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாதாமாதம் மாற்றத் தோன்றினால் உங்கள் பணம், உங்கள் விருப்பம்.