மலைப்பாதை அடைபட்டால் கைக்குழந்தைக்கு என்ன செய்வது?

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். டெல்டாவைப் புரட்டிப்போட்ட அந்தப் புயல் அத்தோடு ஓயவில்லை. மேற்கே நகர்ந்து திண்டுக்கல் மாவட்டத்து மலைகளிலும் கொட்டித் தீர்த்தது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்தன, சாலைகளில் மண் சரிந்தது, மின்சாரம் போனது. கடலே தெரியாத ஊருக்குப் புயலால் என்ன ஆகும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பாடம்.

பெரும்பாறை போன்ற கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் வெள்ளம் வீட்டுக்குள் வருவது அரிது. அங்கே ஆபத்து வேறு மாதிரி வரும். வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் ஒரு பெரிய மரம் விழுந்தாலே போதும், பால் வண்டி வராது, மருந்துக் கடைக்கு இறங்க முடியாது. கரன்ட்டும் சேர்ந்து போய்விடும். காபித் தோட்டத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால், வெளியுதவி இல்லாமல் மூன்று நாளைச் சமாளிக்க ஒரு பை தயாராக இருக்க வேண்டும். அந்தப் பையில் முதலில் யோசிக்க வேண்டியது பால்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வேலை எளிது. அதற்குக் கரன்ட் வேண்டாம், கொதிநீர் வேண்டாம், பாத்திரம் வேண்டாம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். ஆகவே பையில் வைக்க வேண்டியது அம்மாவுக்கான உணவும் தண்ணீரும்தான். அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், பேரீச்சை போன்று அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை நல்லது. பயத்தில் பால் வற்றிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பதற்றத்தில் பால் இறங்குவது சற்றுத் தாமதமாகலாம், ஆனால் சுரப்பு நின்றுவிடுவதில்லை. குழந்தையை மார்போடு அணைத்து, அடிக்கடி குடிக்க விட்டால் பழையபடி இறங்கும்.

இந்த நேரத்தில்தான் ஒரு தவறு நடக்கிறது. 'பால் பத்தலை போல' என்று யாரோ பவுடர் டப்பாவை நீட்டுவார்கள். 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது பவுடர் பால் தானமாக வந்து குவிந்தது. அதைப் பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு, பெறாத குழந்தைகளைவிடச் சுமார் இரண்டு மடங்கு இருந்ததாக ஆய்வு காட்டியது. சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க வசதியும் இல்லாத இடத்தில் பவுடர் பால் நோயைக் கொண்டுவரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் பையில் பவுடர் டப்பா வேண்டாம்.

ஏற்கெனவே பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தை என்றால் கணக்குப் போட்டு வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் என்பது பொதுவான கணக்கு. நான்கு மாதக் குழந்தை, எடை 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 900 மில்லி. அதாவது 150 மில்லி வீதம் ஆறு வேளை. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி பவுடர் என்றிருக்கும். அப்படியானால் நாளுக்கு 30 கரண்டி, சுமார் 135 கிராம். மூன்று நாளைக்கு 400 கிராம் டப்பா ஒன்று சரியாக வரும். பாதை திறக்கத் தாமதமாகலாம் என்பதால் பிரிக்காத டப்பாக்கள் இரண்டு இருப்பது நல்லது. பவுடர் தீர்ந்துவிடுமே என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

பால் கலக்க மூன்று நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர்கூட ஆகாது. பாத்திரம் கழுவவும் கை கழுவவும்தான் நிறையச் செலவாகும். குழந்தைக்கென்று மூடிய கேனில் 10 லிட்டராவது தனியே இருக்கட்டும். மழைக்குப் பின் மலை ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வரும். அதைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்க விட வேண்டும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் போதும். கொடைக்கானல் நகரம்போல 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடம் விட வேண்டும். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

கொதித்த தண்ணீர் நன்கு சூடாக, 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும். பவுடர் கிருமி நீக்கப்பட்டதல்ல. அதிலிருக்கும் கிருமியையும் அந்தச் சூடுதான் கொல்லும். பின் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததையும், குடித்து மீந்ததையும் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதபோது ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலப்பதுதான் வழி. அதற்காக ஒரு சின்ன கேஸ் அடுப்போ, நனையாமல் மூடிவைத்த விறகோ வேண்டும்.

பால் புட்டியைவிட நம் பாட்டிமார் பயன்படுத்திய சங்கும் பாலாடையும் இங்கே கைகொடுக்கும். புட்டியின் நிப்பிளிலும் கழுத்திலும் பால் ஏடு ஒட்டிக்கொள்ளும், பிரஷ் இல்லாமல் போகாது. பாலாடை திறந்த பாத்திரம்; தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டால் முடிந்தது. குழந்தையை உட்கார்ந்த வாக்கில் பிடித்து, உதட்டோரம் வைத்து, அதுவாகவே உறிஞ்ச விட வேண்டும். வாயில் ஊற்றினால் புரையேறும். இந்தப் பழக்கத்தை மழைக்காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

அடுத்தது குளிர். மலை மழையில் துணி நாள்கணக்கில் காயாது. ஆகவே துணி நாப்கின் வழக்கமாகக் கட்டுபவர்களும் ஒரு முறை பயன்படுத்தும் டயப்பர் 25-30 வைத்துக்கொள்வது நல்லது. தொப்பி, சாக்ஸ், மூன்று நான்கு செட் உடை, ஒரு கம்பளி ஆகியவற்றைத் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டிவையுங்கள். குழந்தையின் கைகால் மட்டுமல்லாமல் வயிறும் சில்லென்று இருந்தால், ஈரத்தை மாற்றி, அம்மாவின் மார்பில் வெறும் உடம்போடு படுக்கவைத்து மேலே போர்த்த வேண்டும். கதவை அடைத்துக் கரிச்சட்டி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். ஜெனரேட்டரும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளித்தான்.

பையின் பக்க அறையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் நான்கு, டெர்மாமீட்டர், டார்ச், தடுப்பூசி அட்டை இருக்கட்டும். டாக்டரிடம் முன்பே கேட்டு, குழந்தையின் எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்தின் அளவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்தாமல், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ்ஸை ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி வரை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

எந்தப் பையாலும் முடியாத நிலையும் உண்டு. குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் துவண்டு கிடப்பது, கண் குழிவிழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு வாங்குவது, இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வருவது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள், பாதை அடைபட்டிருந்தால் மாவட்டப் பேரிடர் எண் 1077. குறைமாதக் குழந்தையோ, பிறந்து சில வாரமே ஆன குழந்தையோ இருக்கும் வீட்டில், ரெட் அலர்ட் வந்த அன்றே, மழை வலுக்கும் முன், வத்தலக்குண்டு பக்கம் உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

குழந்தை மாதாமாதம் வளர்கிறது. செப்டம்பரில் கட்டிய டயப்பர் நவம்பரில் சிறிதாகிவிடும், பால் அளவும் மாறிவிடும். எடை பார்க்கப் போகும் நாளன்று வீடு திரும்பியதும் பையைப் பிரித்து, அளவையும் காலாவதித் தேதியையும் சரிபார்த்து மறுபடி கட்டிவையுங்கள்.